தடை தெரியவேண்டிய நாள்

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மொபைல் செயலிக் குழுவை ஒருங்கிணைக்கிறேன். முகவரியைச் சரிபார்க்கும் ஏ.பி.ஐ.யை எங்கள் நிறுவனத்தின் இன்னொரு குழு செய்து தரவேண்டும். செப்டம்பரிலேயே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார்கள். தினமும் ஸ்டாண்ட்அப் நடத்தினேன், யாரும் தடை இருப்பதாகச் சொல்லவில்லை. நவம்பர் 10 அன்று எங்கள் டெவலப்பர் இணைப்பு வேலையைக் கையில் எடுத்தபோதுதான் அந்த ஏ.பி.ஐ. தொடங்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அது வந்து சேர்ந்தது நவம்பர் 21. நவம்பர் 28-இல் வரவேண்டிய ரிலீஸ் டிசம்பர் 12-க்குப் போய்விட்டது. இணைப்புக்கு 6 வேலை நாள், டெஸ்டிங்குக்கு 5, ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்கு 3 என்று ஒதுக்கியிருந்தோம். அவர்கள் இரண்டு வார ஸ்பிரிண்டில் இயங்குகிறார்கள், ஏ.பி.ஐ. அவர்களுக்கு 5 நாள் வேலைதான். இரு குழுவும் ஜிராவைத்தான் பயன்படுத்துகிறோம். அடுத்த ரிலீஸ் ஜனவரி 30. அதற்கும் அதே குழுவிடமிருந்து ஒன்று வரவேண்டும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க என்ன செய்வது?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஸ்டாண்ட்அப்பில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘உங்களுக்கு ஏதாவது தடை இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஒரு டெவலப்பர் தான் இன்று செய்துகொண்டிருக்கும் வேலையை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்வார். அக்டோபர் முழுவதும் அவர் கையில் திரை வடிவமைப்பு வேலையோ வேறு ஏதோ ஒன்றோ இருந்திருக்கும். அந்த வேலைக்குத் தடை இல்லை, அதனால் ‘இல்லை’ என்றார். முகவரி இணைப்பு வேலையை எடுத்த நவம்பர் 10 அன்றுதான் அது அவருக்குத் தடையாக மாறியது. தடை என்ற குறியீடு எப்போதுமே காத்திருப்பவர் வேலையைத் தொடங்க முயலும் நாளில்தான் பிறக்கிறது. அதற்கான காரணமோ அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேறொரு குழுவின் பலகையில் உருவாகிவிடுகிறது. ஆகவே ஸ்டாண்ட்அப்பை இன்னும் கண்டிப்பாக நடத்துவதாலோ, சிவப்புக் கொடிகளை எண்ணுவதாலோ இது சரியாகாது. நீங்கள் பார்க்கவேண்டிய இடம் உங்கள் பலகை அல்ல, அவர்களுடையது. பார்க்கவேண்டிய நாளும் நவம்பர் 10 அல்ல.

அந்த நாள் எது என்பதை உங்கள் கணக்கைக் கொண்டே பின்னோக்கி எண்ணிப் பார்ப்போம். நவம்பர் 28 வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்கு மூன்று வேலை நாள் என்றால் 25 செவ்வாய் காலை செயலியை அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் ஐந்து நாள் டெஸ்டிங் என்றால் அது 18 முதல் 24 வரை. அதற்கு முன் ஆறு நாள் இணைப்பு வேலை, 10 முதல் 17 வரை. எனவே ஏ.பி.ஐ. உங்கள் கைக்கு வரவேண்டிய கடைசி நாள் நவம்பர் 7 வெள்ளி. இதுவரை நீங்களும் எண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 10-ஆம் தேதி உங்கள் டெவலப்பர் சரியாக அந்த வேலையை எடுத்திருக்கிறார் அல்லவா? பெரும்பாலான திட்டங்களில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. வேலி தாண்டி அடுத்த குழுவுக்குள் போய் எண்ணுவதில்லை.

அங்கேயும் தொடர்ந்து எண்ணுங்கள். நவம்பர் 7 அன்று அவர்களுடைய ஸ்பிரிண்ட் முடிகிறது என்றால், அது தொடங்கியது அக்டோபர் 27 திங்கள். ஐந்து நாள் வேலை என்பதால் நவம்பர் 3 அன்று தொடங்கினால்கூடப் போதும் என்று தோன்றும், ஆனால் ஸ்பிரிண்டில் இயங்கும் ஒரு குழுவிடம் அது எடுபடாது. 27-ஆம் தேதி காலைத் திட்டமிடலில் இடம் பெறாத வேலை அடுத்த இடத்துக்கு நவம்பர் 10 வரை காத்திருக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். நவம்பர் 10-இல் தொடங்கிய ஸ்பிரிண்டில் சேர்த்து, 21-இல் முடித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு உங்கள் ஆறு, ஐந்து, மூன்று நாட்களைக் கூட்டினால் சரியாக டிசம்பர் 12 வருகிறது. உங்கள் தாமதம் துல்லியமாக ஒரு ஸ்பிரிண்டின் நீளம். அவர்கள் சோம்பியிருக்கவும் இல்லை, உங்கள் குழு நாளை வீணாக்கவும் இல்லை. ஒரு காலை நேரக் கூட்டத்தில் ஒரு டிக்கெட் இல்லாமல் போனதற்கான விலை பதினான்கு நாள்.

திட்டமிடல் கூட்டத்துக்கு ஒரு டிக்கெட் வருமுன் அது, காத்திருக்கும் வேலைகளின் பட்டியலை ஒழுங்குபடுத்தும் பேக்லாக் சீரமைப்பில் பேசப்பட்டு மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பல குழுக்களைப் போல் அவர்களும் அதை வியாழக்கிழமைகளில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். 27-க்கு முந்தைய வியாழன் அக்டோபர் 23. ஆனால் 20-ஆம் தேதி திங்கள் தீபாவளி, அந்த வாரம் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், கூட்டமே நடந்திருக்காது. எனவே நம்பத்தக்க கடைசி வியாழன் அக்டோபர் 16. ரிலீஸுக்கு 43 நாள் முன்பு வரும் இந்த நாள்தான் தடை தெரியவேண்டிய நாள். அன்று மாலை உங்கள் டிக்கெட் அவர்களுடைய அடுத்த ஸ்பிரிண்டுக்கான வரிசையில் இல்லையென்றால், யாரும் ‘பிளாக்ட்’ என்று எழுதாவிட்டாலும் உங்கள் ரிலீஸ் அன்றே ஆபத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் உங்களிடம் ஓர் உபரி நாள்கூட இருந்திருக்காது. அவர்கள் 7-ஆம் தேதி மாலை தருவார்கள், நீங்கள் 10-ஆம் தேதி காலை எடுப்பீர்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் போதும், ரிலீஸ் நகரும். குழுவுக்கு வெளியேயிருந்து வரும் பொருளுக்கு உபரி ஒரு ஸ்பிரிண்டைவிடக் குறைவாக இருந்தால், அதைத் திட்டம் போடும் நாளிலேயே சிவப்பாகக் குறிப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் நீங்கள் கேட்டிருக்கவேண்டியது அக்டோபர் 13-இல் தொடங்கிய ஸ்பிரிண்டை.

இந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால், கண்காணிக்கும் வேலை சிறிதாகிவிடும். ஆனால் அதற்குக் கோரிக்கை அவர்களுடைய ஜிரா புராஜெக்டில், அவர்களுடைய டிக்கெட்டாக இருக்கவேண்டும். செப்டம்பரில் வந்த மின்னஞ்சல் ஒப்புதல் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் திட்டமிடல் கூட்டத்தில் திரையில் தெரிவது பேக்லாக், மின்னஞ்சல் அல்ல. அதேபோல் உங்கள் பலகையில் ‘ஏ.பி.ஐ.க்காகக் காத்திருப்பு’ என்று ஒரு டிக்கெட் போட்டுவைப்பதும் பயன்படாது, ஏனெனில் அதை அவர்கள் திறந்து பார்க்கவேண்டிய தேவையே அவர்களுக்கு எழாது. அவர்களுடைய டிக்கெட்டை உங்கள் இணைப்பு டிக்கெட்டோடு கோத்துவிடுங்கள்: உங்களுடையதில் `is blocked by` என்றும் அவர்களுடையதில் `blocks` என்றும் தெரியவேண்டும். அவசரத்தில் இதைத் தலைகீழாகக் கோத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அதனால் கோத்த பிறகு இரண்டு டிக்கெட்டையும் திறந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இப்படிக் கோப்பது ஓர் அடையாளம் மட்டுமே. தனியாக விதி எதுவும் அமைக்காதவரை அது டிக்கெட்டை நகரவிடாமல் தடுக்காது, தேதி தவறினால் உங்களை எச்சரிக்கவும் செய்யாது.

அந்த டிக்கெட்டில் இரண்டு விஷயங்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று, தேவைப்படும் தேதியும் அதற்கான காரணமும். ‘நவம்பர் 7 மாலைக்குள் தேவை, தவறினால் 28 ரிலீஸ் டிசம்பர் 12-க்குப் போகும்’ என்று விளைவோடு சேர்த்து எழுதுங்கள், ‘அவசரம்’ என்ற சொல்லைவிட இது பல மடங்கு வேலை செய்யும். மற்றொன்று, ‘முடிந்தது’ என்றால் என்ன என்பது. அவர்களுக்குக் கோட் இணைக்கப்பட்டதும் வேலை முடிந்தது. உங்களுக்கோ டெஸ்ட் சூழலில் ஓடவேண்டும், உங்கள் செயலிக்கு அங்கே அனுமதி இருக்கவேண்டும், சரியான பின்கோடும் தவறான பின்கோடும் அனுப்பினால் வெவ்வேறு பதில் வரவேண்டும். இந்த இடைவெளியிலேயே மூன்று நான்கு நாள் கரைந்துபோவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ‘டெஸ்ட் சூழலில் 641001 அனுப்பினால் மாவட்டப் பெயர் வரவேண்டும், 000000 அனுப்பினால் பிழைச் செய்தி வரவேண்டும்’ என்ற ஒரு வரி இருந்தால், முடிந்ததா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

இறுதித் தேதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. இரண்டு வார வேலை ஒன்றின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் பொருள் ஏதாவது கைமாறவேண்டும். ஏ.பி.ஐ. என்றால் இது எளிது. முதல் நான்கைந்து நாளுக்குள் அதன் ஒப்பந்தக் கோப்பைக் கேளுங்கள். எந்த யூ.ஆர்.எல்.லுக்குக் கோரிக்கை போகும், எந்தப் புலங்கள் வரும், பிழை எப்படி வரும் என்று ஸ்வாகரில் எழுதித் தந்தால் போதும். அடுத்த சில நாளில், உள்ளே எந்தத் தர்க்கமும் இல்லாமல் எப்போதும் ஒரே மாதிரிப் பதிலைத் திருப்பித் தரும் ஸ்டப் ஒன்றை டெஸ்ட் சூழலில் வைக்கச் சொல்லுங்கள். அக்டோபர் 31 அன்று ஒப்பந்தக் கோப்பு வரவில்லையென்றால், நவம்பர் 7 அன்று ஏ.பி.ஐ.யும் வராது என்று ஒரு வாரம் முன்னதாகவே ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஸ்டப் கையிலிருந்தால் உங்கள் டெவலப்பர் காத்திராமல் இணைப்பைத் தொடங்கிவிடவும் முடியும்; ஆறு நாள் வேலையில் நான்கு நாள் வேலையாவது முன்னதாக முடியும். எச்சரிக்கையையும் நேரத்தையும் ஒருசேரத் தரும் ஒரே ஏற்பாடு இதுதான் என்பதால், வேறெதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. யாரிடமும் ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்கவேண்டாம். ‘போகிறது’ என்ற பதில்தான் வரும். டிக்கெட்டைப் பாருங்கள். அவர்களுடைய டிக்கெட்டுகளில் உங்கள் ரிலீஸுக்கான லேபிள் ஒன்றை ஒட்டிவிட்டால், ஸ்பிரிண்ட் தொடங்குமுன் பார்க்க இந்த ஒரு தேடல் போதும் (புராஜெக்ட் பெயரையும் லேபிளையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்):

```
project = ADDR AND labels = app-jan30
AND statusCategory != Done
AND (sprint is EMPTY OR sprint not in (openSprints(), futureSprints()) OR assignee is EMPTY)
```

ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு, அசையாமல் கிடப்பதைக் காட்ட இன்னொன்று:

```
project = ADDR AND labels = app-jan30
AND sprint in openSprints()
AND statusCategory != Done
AND NOT status CHANGED AFTER -5d
```

இரண்டாவது தேடலில் `updated` என்ற புலத்தை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். யாராவது ஒரு கமெண்ட் எழுதினாலே அந்தத் தேதி புதிதாகிவிடும். நீங்கள் ‘இதன் நிலை என்ன?’ என்று எழுதும் நினைவூட்டலே அந்த டிக்கெட்டைச் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் காட்டி, உங்கள் பட்டியலிலிருந்து மறைத்துவிடும். நிலை மாறியதா என்பதைப் பார்ப்பதே சரி. ஐந்து நாள் என்பது காலண்டர் நாள், சனி ஞாயிறும் அதில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு மௌனமான ஆபத்து உண்டு. அவர்களுடைய புராஜெக்டில் அந்த டிக்கெட்டை மட்டும் பார்க்கும் அனுமதி உங்களுக்கு இல்லையென்றாலோ, லேபிளை யாராவது நீக்கிவிட்டாலோ தேடல் வெறுமையாக வரும், நீங்களும் எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் லேபிளை மட்டும் வைத்து முதலில் தேடி, இருக்கவேண்டிய எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்தத் தேடல்களுக்குப் போங்கள். தேடலால் பிடிக்கமுடியாததும் ஒன்று உண்டு. அவர்களுடைய டிக்கெட்டின் தேதி உங்கள் இணைப்பு டிக்கெட்டின் தொடக்கத் தேதியைத் தாண்டிவிட்டதா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க, கூடுதல் செருகுநிரல் இல்லாத ஜிராவின் சாதாரணத் தேடலில் வழியில்லை. தொடர்புகள் பத்துக்குள் இருந்தால் ஒரு எக்ஸெல் தாளில் தேவைத் தேதி, அவர்கள் சொல்லும் தேதி, இரண்டுக்கும் இடையிலான உபரி என்று மூன்று பத்தி வைத்து வாரம் ஒருமுறை கையால் நிரப்புங்கள். உபரி எத்தனை நாள் என்பதைவிட அது வாரா வாரம் குறைகிறதா என்பதைக் கவனியுங்கள். எட்டு, ஆறு, மூன்று என்று வந்தால், இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தாலும் அது நழுவிக்கொண்டிருக்கும் வேலைதான்.

என் அனுபவத்தில் மிகவும் வலித்தது ஒன்று இரண்டாம் படியில் ஒளிந்திருந்தது. நான் முன்பு இருந்த ஓரிடத்தில், எங்களுக்குச் சேவை செய்து தரவேண்டிய குழு ஸ்பிரிண்டில் டிக்கெட்டை எடுத்திருந்தது, ஆள் இருந்தார், நிலையும் ‘இன் ப்ராக்ரஸ்’ என்று மாறியிருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் அவர் வேறொரு பிரிவு ஃபயர்வாலில் ஒரு போர்ட்டைத் திறந்து விடுவதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் கோரிக்கை வேறு ஒரு மென்பொருளில் இருந்தது, அதற்கு ஒப்புதல் தரவேண்டியவர் விடுப்பில் இருந்தார். எங்கள் ஜிராவில் எல்லாமே பச்சை. அன்றிலிருந்து கோரிக்கை வைக்கும் நாளிலேயே நான் கேட்கும் கேள்வி இது: ‘இதை முடிக்க உங்கள் குழுவுக்கு வெளியே யாரிடமிருந்தாவது எதுவும் வரவேண்டுமா?’ ஆம் என்றால், அதையும் ஒரு டிக்கெட்டாக்கி, அதே லேபிளை ஒட்டி, அதே பின்னோக்கிய கணக்கில் சேர்த்துவிடுவேன். ஒரு படி தாண்டிக் கேட்டாலே பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடுகின்றன. அதற்கு மேல் துருவுவது உழைப்புக்கு ஏற்ற பலன் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

தடை தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும், முன்கூட்டியே தெரிவதன் பயனே அங்கேதான் இருக்கிறது. நவம்பர் 10 அன்று உங்களுக்கு மிச்சமிருந்த வழி காத்திருப்பது மட்டும்தான். அக்டோபர் 16 அன்று தெரிந்திருந்தால் நான்கு வழி இருந்திருக்கும்: அவர்கள் வேறொரு வேலையைத் தள்ளி இதைச் சேர்க்கலாம், உங்கள் டெவலப்பர் ஒருவர் அவர்களுடைய கோட்டில் எழுதித் தந்து அவர்கள் சரிபார்க்கலாம், முகவரிச் சரிபார்ப்பு இல்லாமல் பின்கோடு சோதனையோடு மட்டும் ரிலீஸ் செய்யலாம், அல்லது தேதியை அன்றே மாற்றி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதும்போது இப்படி எழுதுங்கள்: ‘சார், இந்த டிக்கெட் 27-ஆம் தேதி ஸ்பிரிண்டில் இல்லையென்றால் எங்கள் ரிலீஸ் டிசம்பர் 12-க்குப் போகும். உங்களுக்கு இடமில்லை என்றால் எங்கள் ஆள் ஒருவரை அனுப்புகிறோம். எது சரிவரும் என்று வெள்ளி மாலைக்குள் சொல்லமுடியுமா? முடிவெடுக்க வேண்டியவர்கள் இருவருக்கும் அன்று மாலை நானே தெரிவித்துவிடுகிறேன்.’ இதில் குற்றச்சாட்டு இல்லை, தேதியும் தேர்வும் மட்டுமே உண்டு. இரு குழுவின் மேலாளர்களில் யார் இறுதி முடிவு சொல்வார் என்பதை, பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிரச்சினை வந்த பிறகு அதைப் பேசுவதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

குழுவுக்குள் நடக்கும் சார்புகளுக்கெல்லாம் இந்த ஏற்பாடு வேண்டாம்; அவை ஸ்டாண்ட்அப்பிலேயே தெரிந்துவிடும். குழு எல்லையைத் தாண்டுபவற்றிலும், உபரி ஒரு ஸ்பிரிண்டுக்கு மேல் இருப்பவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் வாரா வாரம் சரிபார்ப்பு என்று வைத்தால், நான்காவது வாரத்தில் நீங்களே அந்தத் தாளைத் திறக்கமாட்டீர்கள்.

இப்போது ஜனவரி 30 ரிலீஸுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் 27 செவ்வாய் அன்று ஆப் ஸ்டோருக்குப் போகவேண்டும். 26 குடியரசு தின விடுமுறை, எனவே டெஸ்டிங் 19 முதல் 23 வரை. பொங்கலுக்கு 15, 16 இரண்டு நாள் விடுமுறை என்று கொண்டால், உங்கள் ஆறு நாள் இணைப்பு வேலை ஜனவரி 7 அன்று தொடங்கி 14 அன்று முடியவேண்டும். அவர்கள் தரவேண்டியது 6-ஆம் தேதி மாலை கையில் இருக்கவேண்டும். அவர்களுடைய ஜனவரி 5 ஸ்பிரிண்ட் 16-இல்தான் முடிகிறது, அது பயன்படாது. அதற்கு முந்தையது டிசம்பர் 22 முதல் ஜனவரி 2 வரை, நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் போக எட்டு வேலை நாள். இதுவும் ஐந்து நாள் வேலை என்றால் அதில் அடங்கும், ஆனால் பலர் விடுப்பில் இருக்கும் காலம் என்பதால் டிக்கெட்டில் ஆள் பெயரோடு அவருடைய விடுப்புத் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிண்டுக்கு முந்தைய பேக்லாக் சீரமைப்பு வியாழன், டிசம்பர் 18. உங்கள் முந்தைய ரிலீஸ் முடிந்து அதற்கு ஒரு வாரம்கூட இடைவெளி இல்லை. இந்தப் பதிலைப் படித்ததும் அவர்களுடைய புராஜெக்டில் அந்த டிக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.